தம்ப்நெயிலில் என்ன எழுதுவது? காசிமேடு மீன் வீடியோ ஒன்றை வைத்து முழு வழிகாட்டி

சென்னை காசிமேட்டு மீன் மார்க்கெட் பற்றி யூடியூபில் தேடிப் பாருங்கள், "வஞ்சிரம் 200 ரூபாய்", "இறால் அள்ளுது மக்கள்" என்று வரிசையாக வந்து நிற்கும். உள்ளே போனால் இருநூறு ரூபாய் என்பது கால் கிலோவுக்கு, அல்லது வஞ்சிரமே இல்லை, வேறு ஏதோ மீன். இதைச் செய்கிற எல்லோரும் ஏமாற்றத்தான் செய்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. பாதிப் பேருக்கு நடப்பது வேறு. போனில் தெரிய வேண்டும் என்பதற்காக எழுத்தைப் பெரிதாக்குகிறோம், பெரிதாக்கினால் இடம் போதாது, ஒவ்வொரு சொல்லாக வெட்டுகிறோம், அப்போது முதலில் வெட்டுப்படுவது "குட்டி", "கால் கிலோ", "ஏல விலை", "ஞாயிறு மட்டும்" மாதிரியான சின்னச் சொற்கள். வரியை உண்மையாக வைத்திருந்ததே அந்தச் சொற்கள்தான். அதனால் படிக்க முடிவதையும் பொய் இல்லாமல் இருப்பதையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது, இரண்டையும் ஒரே மேசையில் வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். ஒரு வீடியோவை எடுத்து முதலிலிருந்து கடைசி வரை செய்து பார்ப்போம்.

வீடியோ இது: ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை காசிமேடு மீன்பிடித் துறைமுகம், பன்னிரண்டு நிமிடம். நாலாவது நிமிடத்தில் ஒரு மீன்கார அக்கா, குட்டி வஞ்சிரம் கிலோ 450, பெரிசு கிலோ 900 என்று சொல்கிறார். இந்த விலைகள் உதாரணத்துக்கு நான் வைத்துக்கொண்டவை, அங்கே விலை ஒரே காலையிலேயே மூன்று தடவை மாறும். வீடியோவில் மற்றபடி ஏலம் நடக்கும் விதம், கடம்பா, சங்கரா, நண்டு விலைகள், மீனை வெட்டித் தருகிற இடம் எல்லாம் இருக்கிறது.

முதலில் காகிதத்தில் எழுதுங்கள், ஆப்பைத் திறக்காதீர்கள்

எடிட்டிங் ஆப்பைத் திறந்ததும் கை தானாக ஃபாண்ட் தேடப் போகும், அதனால் அதற்கு முன்னாலேயே ஒரு முழு வாக்கியம் எழுதி வையுங்கள். வீடியோவில் நிஜமாக இருக்கிற விஷயத்தை, நிபந்தனை எதையும் விடாமல், நீளத்தைப் பற்றிக் கவலைப்படாமல். நம் வீடியோவுக்கு அது இப்படி வரும்: "ஜூன் மாத ஞாயிறு காலை காசிமேட்டில் ஒரு கிலோவுக்குக் குறைந்த குட்டி வஞ்சிரம் சில்லறையில் கிலோ 450 ரூபாய்க்குக் கிடைத்தது, பெரிய மீன் 900 ரூபாய்."

பக்கத்திலேயே அது வீடியோவில் எந்த நிமிடம், எந்த நொடியில் வருகிறது என்று குறியுங்கள், 4:10 என்பது போல. இந்த நேரத்தை எழுத முடியவில்லை என்றால் அந்த வரி தம்ப்நெயிலுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். "சென்னையிலேயே விலை குறைந்த இடம்" என்று எழுத ஆசை வரும். வீடியோவில் சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டுக்குப் போய் ஒப்பிட்டீர்களா? இல்லையே. அப்போது அதற்கு நேரம் எழுத முடியாது, அடித்துவிடுங்கள்.

இப்போது அந்த நீள வாக்கியத்திலிருந்து வெட்ட ஆரம்பிக்கலாம். ஒவ்வொரு சொல்லையும் எடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி: இது இல்லாமல் படிக்கிறவர் மார்க்கெட்டுக்குப் போனால் ஏமாறுவாரா? "காலை" போனால் பெரிய நஷ்டம் இல்லை, வீடியோவின் தலைப்பில் சொல்லிக்கொள்ளலாம். "காசிமேடு" படத்திலேயே படகுகள் தெரிகின்றன, தலைப்பிலும் இருக்கும், எடுக்கலாம். "கிடைத்தது" தேவையே இல்லை. "குட்டி"யை எடுத்தால்? 450 ரூபாய் என்று நம்பி திருவொற்றியூரிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறவர், விருந்துக்கு வெட்டுகிற அளவு மீனுக்கு 900 கொடுக்க வேண்டியிருக்கும். ஆக அந்தச் சொல் போகக் கூடாது. மூன்று எழுத்துதான், இடம் கொடுத்துவிடலாம்.

மிஞ்சியது: குட்டி வஞ்சிரம் ₹450.

தலைப்பில் விளக்கம் இருக்கிறதே, தம்ப்நெயிலில் "வஞ்சிரம் ₹450" என்று மட்டும் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். போனில் தலைப்பு இரண்டு வரியோடு வெட்டுப்படும், விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர் கண் முதலில் படத்துக்குத்தான் போகும். எண்ணைப் புரட்டிப் போடுகிற நிபந்தனை எண்ணின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எண்ணைப் புரட்டாத தகவல், நேரம், இடம், கடை எந்த வரிசை என்பதெல்லாம், தலைப்புக்குப் போகலாம்.

எழுத்து எவ்வளவு பெரிசு வேண்டும்

தம்ப்நெயிலுக்குப் பலரும் வைத்துக்கொள்கிற அளவு 1280 × 720 பிக்சல். நாம் அதைக் கணினியிலோ போன் முழுத் திரையிலோ வைத்து வேலை செய்வதால் எல்லாம் நன்றாகத் தெரிகிற மாதிரியே இருக்கும். பார்ப்பவர் போனில் முகப்புப் பக்கத்தில் படம் திரை அகலத்துக்கு, சுமார் ஆறரை ஏழு சென்டிமீட்டருக்கு வரும், அங்கே பிரச்சினை குறைவு. சேனல் பக்கத்திலும் ப்ளேலிஸ்ட்டிலும் பார்த்த வரலாற்றிலும் அதே படம் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவாகச் சுருங்கிப் போகும். இந்தச் சின்ன அளவுக்குத்தான் கணக்குப் போட வேண்டும்.

28 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1280-ஐ 28-ஆல் வகுத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 46 பிக்சல். உங்கள் எழுத்தில் "ப" 60 பிக்சல் உயரம் இருந்தால் போனில் அது 1.3 மில்லிமீட்டர், மாத்திரை அட்டையின் பின்பக்க எழுத்து அளவு. 120 பிக்சல் என்றால் 2.6 மில்லிமீட்டர், கையை நீட்டிப் பிடித்தாலும் படிக்கலாம். அதனால் 120-க்குக் கீழே இறங்காதீர்கள். ஒன்றைக் கவனியுங்கள், ஆப்பில் காட்டுகிற ஃபாண்ட் சைஸ் எண் வேறு, "ப"வின் உயரம் வேறு. தமிழ் ஃபாண்டுகளில் மேலே சுழி, கீழே உகரக் கால் எல்லாவற்றுக்கும் இடம் விட்டிருப்பதால் "ப" அந்த எண்ணில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். தனியாக ஒரு "ப" தட்டி, அதன்மேல் ஒரு கட்டம் வரைந்து உயரத்தைப் பாருங்கள்.

120 பிக்சல் உயரத்தில் தமிழ் எழுத்து ஒன்று சராசரியாக 130 பிக்சல் அகலம் பிடிக்கும் என்று வைத்தால், ஓரம் விட்டுப் போக ஒரு வரிக்கு எட்டு எழுத்துதான். "குட்டி வஞ்சிரம்" சரியாக எட்டு எழுத்து. மேலே ஒரே வரியில் அதை வைத்து, நடுவில் மீன், கீழே இடது பக்கம் ₹450 மட்டும் இன்னும் பெரிதாக. வரி எண்ணிக்கையைக் கூட்டினால், தமிழில் மேல்சுழியும் கீழ்க்காலும் ஒன்றோடொன்று இடிக்கும் என்பதால் இடைவெளியும் கூட விட வேண்டும், மூன்று வரிக்கு மேல் போனால் மீனுக்கு இடமே இருக்காது. கொ, கோ மாதிரியான எழுத்து வருகிற சொற்களில் ஓர் எழுத்தே மூன்று எழுத்து அகலம் தின்னும் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். "கொடுவா" எண்ணிக்கையில் மூன்று, அகலத்தில் ஐந்தாறு.

ஃபாண்ட், புள்ளி, ஓரக்கோடு

இங்கேதான் தமிழில் வேலை அதிகம், ஆங்கில வீடியோக்களில் சொல்கிற "இருப்பதிலேயே தடிமனான ஃபாண்டைப் போடு" என்கிற ஆலோசனை நமக்குச் சரிப்படாது. "வஞ்சிரம்" என்கிற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஞ் இருக்கிறது, உள்ளே அடைசலான எழுத்து, தலையில் புள்ளி வேறு. மிகத் தடிமனான ஃபாண்டில் போட்டுச் சுருக்கினால் ஞ-வின் உள்வெளிகள் அடைத்துக்கொண்டு ஒரு கறுப்பு உருண்டை ஆகிவிடும். "நண்டு" போட்டால் ண் அதே கதிதான். Mukta Malar, Anek Tamil, Noto Sans Tamil மூன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன, மூன்றிலும் பல தடிமன்கள் உண்டு. Bold அல்லது அதற்கு ஒரு படி கீழே SemiBold எடுங்கள், ExtraBold, Black பக்கம் போவதற்கு முன் ஞ, ண, ணை மூன்றையும் சுருக்கிப் பார்த்துவிடுங்கள். Anek Tamil-இல் அகலம் குறைந்த வடிவமும் இருக்கிறது, சொல் நீளமாக இருந்தால் கைகொடுக்கும். எழுத்தைப் பக்கவாட்டில் பிடித்து நசுக்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

புள்ளியைத் தனியாகப் பாருங்கள். சில ஃபாண்டில் எழுத்து தடிமனாக இருக்கும், புள்ளி மட்டும் கடுகளவு இருக்கும். சின்னத் திரையில் அது காணாமல் போனால் பழகிய சொல்லை மக்கள் எப்படியோ படித்துவிடுவார்கள், பழகாத பெயரில் தடுக்கி விழுவார்கள். "சங்கரா"வில் இன்னொரு சிக்கல்: ர-வும் துணைக்காலும் சின்ன அளவில் ஒன்றுபோலத் தெரியும், சொல்லின் கடைசியில் இரண்டு கால் மட்டும் நிற்கும். ர-வுக்கு வால் தெளிவாக இருக்கிற ஃபாண்டாகப் பாருங்கள்.

எழுத்தைச் சுற்றி ஓரக்கோடு போடுவது நல்லதுதான், ஆனால் சில ஆப்புகளில் அது எழுத்தின் விளிம்பில் பாதி உள்ளே, பாதி வெளியே விழும். உள்ளே விழுகிற பாதி எழுத்தைத் தின்றுவிடும், புள்ளியை விழுங்கிவிடும். வெளிப்பக்கம் மட்டும் விழுகிற மாதிரி அமைப்பு இருந்தால் எட்டு பத்து பிக்சல் வைக்கலாம், இல்லையென்றால் ஐந்தாறோடு நிறுத்துங்கள். ஓரக்கோட்டுக்கு மேல் நிழல், நிழலுக்கு மேல் ஒளிவட்டம் என்று அடுக்குவது எனக்குப் பிடிக்காது, போனில் அதெல்லாம் சேர்ந்து அழுக்குப் பிடித்த மாதிரித்தான் தெரிகிறது.

ஃபோட்டோஷாப்பில் "கொ" உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம் என்று வந்தால் ஃபாண்டைத் திட்ட வேண்டாம். பழைய பதிப்புகளில்தான் இது நடக்கும், Preferences-இல் Type பகுதிக்குப் போய் World-Ready Layout-ஐத் தேர்ந்தெடுங்கள், அதற்கும் முந்தைய பதிப்பில் அதன் பெயர் Middle Eastern and South Asian. அப்புறம் ₹ குறி: எல்லாத் தமிழ் ஃபாண்டிலும் அது இருக்காது, இல்லாதபோது ஆப் வேறு ஃபாண்டிலிருந்து மெலிசாக ஒன்றை எடுத்து ஒட்டிவிடும். 450 தடியாகவும் ₹ ஈர்க்குச்சியாகவும் இருந்தால் அதுதான் காரணம். அப்போது எண்ணையும் குறியையும் சேர்த்து வேறு ஃபாண்டுக்கு மாற்றிவிடுங்கள்.

எங்கே வைப்பது, எதன் மேல் வைப்பது

வலது கீழ் மூலையில் வீடியோவின் நேரம் கறுப்புப் பெட்டியில் வரும். எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் படம் சுருங்கும்போது அந்தப் பெட்டி அதே விகிதத்தில் சுருங்குவதில்லை. முகப்புப் பக்கத்தில் மூலையில் அடக்கமாக இருக்கிற பெட்டி, சின்ன வரிசையில் படத்தின் அகலத்தில் கால்பங்கு வரை மறைத்துவிடும். அதனால் 1280 கேன்வாஸில் வலது கீழே 320 × 150 அளவுக்கு எதுவும் வைக்காதீர்கள். விலையை வலப்பக்கம் வைத்தால் ₹450 என்பது ₹4 ஆகி நிற்கும், அதுவும் ஒரு பொய்தானே. படத்தின் அடிவிளிம்பில் ஏற்கெனவே பார்த்தவர்களுக்குச் சிவப்புக் கோடு வேறு ஓடும், கீழே கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

பின்னணிக்கு வந்தால், மீன் மார்க்கெட் படம் எழுத்துக்கு எதிரி. ஐஸ் வெள்ளை, மீன் செதில் வெள்ளி, ஈரத் தரையில் விளக்கு வெளிச்சம், நடுவில் நீல டப், மஞ்சள் கூடை. வெள்ளை எழுத்தை ஐஸின் மேல் வைத்தால் ஓரக்கோடு மட்டும்தான் மிஞ்சும். படத்தை எடுக்கும்போதே மேல்பக்கம் இருட்டான கூரையோ விடியாத வானமோ வருகிற மாதிரி ஒரு சட்டகம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அது இல்லையென்றால் மேலே கறுப்புப் பட்டை ஒன்றைப் போட்டு அதன்மேல் மஞ்சளிலோ வெள்ளையிலோ எழுதுங்கள், அழகு குறைந்தாலும் பரவாயில்லை. சிவப்பு எழுத்தை நீல டப்பின் மேல் வைக்காதீர்கள். சந்தேகமாக இருந்தால் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், அதிலும் எழுத்து தனியாக நின்றால் சரி.

படமும் பேசும் என்பதை மறக்க வேண்டாம். "குட்டி வஞ்சிரம் ₹450" என்று எழுதிவிட்டு, ஆள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்த பெரிய வஞ்சிரத்தின் படத்தைப் போட்டால் எழுத்து உண்மை, தம்ப்நெயில் பொய். 4:10-இல் அந்த அக்கா கையில் எடுத்த மீனையே போடுங்கள்.

சோதனை

உங்கள் சேனல் பக்கத்தைப் போனில் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அதிலுள்ள பழைய தம்ப்நெயில் ஒன்றின் மேல் புதியதைச் சரியாக அதே அளவில் ஒட்டுங்கள், அந்தப் படத்தை கேலரியில் பெரிதாக்காமல் பாருங்கள். பார்ப்பவர் கண்ணுக்கு எப்படி வருமோ அது அப்படியே இதில் தெரியும். வீட்டுக்குள் பார்த்தது போதாது, வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு வெயிலில் போய்ப் பாருங்கள், வண்ணாரப்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர் அப்படித்தான் பார்க்கப் போகிறார்.

அதற்கப்புறம் விஷயம் தெரிந்த ஒருவரிடம் இரண்டு நொடி காட்டி மறைத்துவிட்டு, என்ன எழுதியிருந்தது, என்ன புரிந்தது என்று கேளுங்கள். மீன் வீடியோ என்றால் மீன் விற்கிறவரிடமே காட்டலாம். எங்கள் பக்கத்துத் தம்பி ஒருவன் இப்படி ஒரு தம்ப்நெயிலை ஒரு மீன்கார அக்காவிடம் காட்டியபோது அவர் கேட்டது: "இன்னா தம்பி, நானூத்தம்பதுனு போட்டுக்குற, ஏல வெலையா சில்லறை வெலையா? ஏல வெலைய சில்லறை வெலைனு நெனச்சிக்கினு வந்து எங்கிட்ட சண்ட போடப் போறாங்கோ." அவனுக்கு அந்த யோசனையே வரவில்லை. ஏலத்தில் மொத்தமாகப் போகிற விலையும், நாம் நின்று ஒரு கிலோ வாங்குகிற விலையும் ஒன்றல்ல. உங்கள் வீடியோவில் காட்டுவது சில்லறை விலை என்றால் "கிலோ ₹450" என்று ஒரு சொல் சேர்த்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும், கிலோ கணக்கில் வாங்குகிறவர் சில்லறையில் வாங்குகிறவர்தான். ஏல விலை என்றால் அதை எழுதியே ஆக வேண்டும், எழுத இடமில்லையென்றால் எண்ணைப் போடாதீர்கள்.

கேள்விக்குறியின் பின்னால் ஒளியாதீர்கள்

"வஞ்சிரம் ₹100-ஆ?" நாங்கள் சொல்லவில்லையே, கேட்டோம் அவ்வளவுதானே என்று தப்பிக்கிற வழி இது. பதில் "இல்லை" என்று உங்களுக்கே தெரிந்திருந்தால் அந்தக் கேள்வி பொய்யேதான். "வெறும்", "மட்டுமே", "அதிர்ச்சி", "கடைசி நாள்" ஆகியவற்றுக்கும் அதே 4:10 சோதனைதான், எந்த நொடியில் அது நடக்கிறது என்று காட்ட முடியுமா? செய்தி மாதிரியான விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை தேவை. மீன்பிடித் தடைக்காலம் ஒவ்வொரு ஆண்டும் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் வருகிறது, அது விசைப்படகுகளுக்கு. அந்த நேரத்தில் "காசிமேடு மூடல்!" என்று போட்டால் கிளிக் வரும், ஆனால் மார்க்கெட் மூடவில்லை, சின்னப் படகு மீன் வந்துகொண்டுதான் இருக்கும். தலைப்பிலும் தம்ப்நெயிலிலும் சொன்னது வீடியோவிலேயே இல்லாமல் ஏமாற்றுவதை, குறிப்பாக நடப்புச் செய்திகளில், இந்தியாவில் கடுமையாகக் கையாளப் போவதாக 2024 டிசம்பரில் யூடியூப் அறிவித்தது, அப்படிப்பட்ட வீடியோக்களை நீக்குவோம் என்றும் சொன்னது.

போட்ட பிறகு

ஸ்டூடியோவில் கிளிக் சதவீதத்தை மட்டும் பார்த்தால் எழுத்து படிக்கக் கிடைக்கிறதா என்பது ஓரளவு தெரியும், உண்மையாக இருக்கிறதா என்பது தெரியாது. அதற்கு, முதல் 30 நொடி முடிவில் எத்தனை பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டும் வளைவைப் பாருங்கள். கிளிக் உங்கள் வழக்கத்தைவிட அதிகம், 30 நொடியில் விழுந்தவர்களும் வழக்கத்தைவிட அதிகம் என்றால் தம்ப்நெயில் சொன்னதை அவர்கள் உள்ளே காணவில்லை. இரண்டு காரணம் இருக்கலாம். வரி பொய், அல்லது வரி உண்மை, ஆனால் குட்டி வஞ்சிரம் நாலாவது நிமிடத்தில்தான் வருகிறது. இரண்டாவது என்றால் வீடியோவின் தொடக்கத்திலேயே அந்த மீனை ஐந்து நொடி காட்டிவிடலாம். கிளிக்கும் குறைவு, வந்தவர்கள் மட்டும் நின்று பார்க்கிறார்கள் என்றால் வரி உண்மைதான், படிக்க முடியவில்லை அல்லது ஆர்வம் தரவில்லை, எழுத்து அளவுக்குத் திரும்பிப் போங்கள்.

தம்ப்நெயில்களை ஒப்பிட்டுச் சோதிக்கிற Test & compare வசதி உங்கள் சேனலுக்கு இருந்தால் மூன்று தம்ப்நெயில் வரை போட்டுப் பார்க்கலாம். அது வெற்றியை கிளிக்கை வைத்துத் தீர்மானிப்பதில்லை, பார்த்த நேரத்தை வைத்துத்தான், அதனால் உண்மையான வரிக்கு அங்கே நியாயமான வாய்ப்பு உண்டு. மூன்றையும் முற்றிலும் வேறாகச் செய்தால் எதனால் ஜெயித்தது என்று தெரியாது. ஒரே படத்தை வைத்து "குட்டி வஞ்சிரம் ₹450", "வஞ்சிரம் ₹450–₹900", "குட்டியா பெரிசா?" என்று எழுத்தை மட்டும் மாற்றுங்கள்.

விலை போட்ட தம்ப்நெயிலுக்கு ஒரு தனி வேலை பாக்கி இருக்கிறது. ஜூன் கடைசியில் படகுகள் திரும்பிப் போய் வந்து மீன் குவிகிறபோது எடுத்த விலை, அடுத்த ஏப்ரலில் தடைக்காலத்தில் பார்ப்பவருக்குப் பொருந்தாது, வீடியோ என்னவோ அப்போதும் தேடலில் வந்துகொண்டே இருக்கும். போடும்போதே ஓரத்தில் "ஜூன்" என்று இரண்டெழுத்தைச் சேர்த்துவிடுங்கள், அதுவும் 120 பிக்சலுக்குக் குறையாமல். ஏப்ரல் முதல் வாரத்தில் அந்தத் தம்ப்நெயிலை எடுத்துவிட்டு எண் இல்லாத ஒன்றை மாற்றுங்கள். வீடியோவில் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குகிற காட்சி இருந்தால், அந்த நொடியின் படத்தோடு "செவுள் பாருங்க" என்று போடலாம், அது எந்த மாதத்திலும் பொருந்தும்.